சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு கடிதம்: எண்ணெயைக் குறைக்கக் கேட்பது எப்படி?

அலுவலகச் சிற்றுண்டிச்சாலைகளின் மதிய உணவு குறித்து ஊழியர்கள் மத்தியில் நிலவும் குறைபாடுகளில் முதலிடம் பெறுவது எண்ணெயாகும். கத்தரிக்காய்க் கறியில் எண்ணெய் மிதக்கின்றது, மீன் பொரியல் கறுத்துப் போயிருக்கின்றது, பருப்பின் மேல் தாளித்த எண்ணெய் தேங்கி நிற்கின்றது என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் பேசப்படுகின்றது. நீரிழிவுக்கோ, இரத்த அழுத்தத்துக்கோ, கொலஸ்ரோலுக்கோ மருந்து எடுப்பவர் ஒருவரேனும் இல்லாத அலுவலகப் பிரிவு இன்று அரிது. வீட்டில் அளந்து சமைக்கும் இவர்கள், வாரத்தில் ஐந்து நாட்கள் மதிய வேளையில் பிறர் அளந்ததையே உண்கின்றனர். எனினும் இக்குறை எழுத்தில் முன்வைக்கப்படும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் பயனேதும் விளைவதில்லை.

இதற்கான காரணம் கடிதத்திலேயே உள்ளது என்பது எமது கருத்தாகும். 'ஆரோக்கியமான உணவு வழங்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்' என்று எழுதப்படும் கடிதம், ஒப்பந்தக்காரர் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கூறுவதில்லை. அவரும் இரண்டு நாட்களுக்கு எண்ணெயைக் குறைத்து ஊற்றுவார். கறி சட்டியில் பிடிக்கும், ருசி கெடும், சாப்பாடு மிஞ்சும். மூன்றாம் நாள் பழைய முறைக்கே திரும்பிவிடுவார். எண்ணெய் எங்கே சேருகின்றது, ஒப்பந்தக்காரர் ஏன் பொரியலை விரும்புகின்றார், மாற்றத்தின் செலவை யார் ஏற்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு எழுதப்படும் கடிதமே சமையலறையில் மாற்றத்தை ஏற்படுத்தும். அத்தகைய கடிதமொன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் இங்கே விளக்க விரும்புகின்றோம்.

முதலில் அளவு

கொழும்பில் நாளொன்றுக்கு நூறு பேர் மதிய உணவு உண்ணும் ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடிதம் எழுதுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு வாரத்தில் எவ்வளவு எண்ணெய் செலவாகின்றது என்பதை ஒப்பந்தக்காரரிடமே கேட்டறிய வேண்டும். திங்கட்கிழமை காலை கையிருப்பிலுள்ள எண்ணெயுடன் வாரத்தில் வாங்கியதைக் கூட்டி, வெள்ளிக்கிழமை மாலை மிஞ்சியதைக் கழித்தால் விடை கிடைத்துவிடும். தாச்சியில் எஞ்சியுள்ள பொரித்த எண்ணெயையும் மிஞ்சியதாகவே கொள்ள வேண்டும்; கழிவாகக் கொட்டிய எண்ணெயைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

எமது உதாரண அலுவலகத்தில் இவ்வாறு கிடைத்த விடை 20 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாட்களில் வழங்கப்பட்ட சாப்பாடு ஐந்நூறு. எனவே தட்டொன்றுக்கு 40 மில்லிலீற்றர், அதாவது மேசைக்கரண்டியால் ஏறத்தாழ இரண்டரைக் கரண்டிக்குச் சற்று அதிகம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி சக்தி உள்ளது. 40 மில்லிலீற்றர் எண்ணெய் ஏறக்குறைய 37 கிராம் எடையுடையது. அதிலிருந்து கிடைப்பது 330 கலோரி. சோறு, பருப்பு, மீன், தேங்காய்ப்பால் என்பவற்றுக்கு மேலதிகமாக, எண்ணெயிலிருந்து மாத்திரம் கிடைக்கும் சக்தி இது. எமது சமையலறைகளில் பெரும்பாலும் பயன்படுவது தேங்காயெண்ணெய். அதன் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பாகும். இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ரோலை உயர்த்தும் வகை இதுவே என்பதால், இருதய நோயாளருக்கு வைத்தியர்கள் இதனைக் குறைக்கச் சொல்கின்றனர்.

அடுத்து, இந்த 20 லீற்றர் எந்தக் கறியில் செல்கின்றது என்பதைக் காண வேண்டும். பொரிப்பதற்கு முன் தாச்சியில் ஊற்றும் எண்ணெயை அளந்து, பொரித்தபின் ஆறவிட்டு மீண்டும் அளந்தால் போதுமானது. கத்தரிக்காய் பொரிக்கும் நாளில் 4 லீற்றர் ஊற்றி, முடிவில் இரண்டரை லீற்றர் எஞ்சினால், ஒன்றரை லீற்றர் நூறு தட்டுகளுக்குள் சென்றுவிட்டது என்பது பொருள். தட்டொன்றுக்கு 15 மில்லிலீற்றர். 120 கலோரிக்குச் சற்று அதிகம்.

கத்தரிக்காய் எண்ணெயை இவ்வளவுக்கு உறிஞ்சுவது சமையற்காரரின் பிழையன்று. அதன் சதை கடற்பஞ்சு போன்று காற்றறைகள் நிறைந்தது. பொரியும்போது நீர் ஆவியாக வெளியேற, அவ்விடத்தை எண்ணெய் நிரப்புகின்றது. பொதுவாகப் பொரியல்களில் எண்ணெயின் பெரும்பகுதி உட்செல்வது தாச்சியில் இருக்கும்போதன்று. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும் வேளையிலாகும். உள்ளேயிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்க, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகின்றது. ஆகவே பொரித்ததைச் சூட்டோடு பாத்திரமொன்றில் குவிப்பதற்கும், தாச்சியின் மேலேயே நன்றாக உதறிக் கம்பித் தட்டில் பரப்புவதற்கும் இடையே கணிசமான வித்தியாசம் உண்டு. செலவில்லாத சீர்திருத்தம் இதுவாகும்.

எமது உதாரணத்தில் பொரித்த கத்தரிக்காய் வாரத்தில் இரு நாட்கள். அதற்கு 3 லீற்றர். மீன் பொரியல் மூன்று நாட்கள். நாளொன்றுக்கு 1 லீற்றராக 3 லீற்றர். பருப்பு, மரக்கறி, குழம்பு என்று எல்லாக் கறிகளையும் தாளிக்க நாளாந்தம் 1.2 லீற்றராக 6 லீற்றர். மீதி 8 லீற்றர் அப்பளம், மிளகாய், உருளைக்கிழங்குப் பொரியல் என்பவற்றுக்கும் கழிவுக்கும் போகின்றது. ஊழியர்கள் கண்ணுக்குத் தெரியும் மீன் பொரியலைக் குறை கூறுகின்றனர். ஆனால் மிகப் பெரிய தனிப் பங்கு தாளிதத்தில் மறைந்திருக்கின்றது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. இவ்வாறு அளந்து பாராமல் எழுதப்படும் கடிதம் தவறான கறியைக் குற்றஞ்சாட்டிவிடும்.

ஒப்பந்தக்காரர் ஏன் பொரிக்கின்றார்?

இக்கேள்விக்கு 'ருசிக்காக' என்ற பதில் பாதி உண்மை மாத்திரமே. சிற்றுண்டிச்சாலைச் சமையல் அதிகாலையில் ஆரம்பமாகின்றது. காலை உணவு முடிந்ததும் அதே அடுப்புகளில் மதியக் கறிகள் ஏறுகின்றன. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பல கறிகள் தயாராகிவிடும். அவை பன்னிரண்டரை மணி தொடக்கம் இரண்டு மணி வரை பரிமாறப்படுகின்றன. எமது நாட்டின் வெப்பத்தில் தேங்காய்ப்பால் கறியும் கீரையும் அந்நேரத்துக்குள் பழுதடையக் கூடியவை. பொரித்த கத்தரிக்காயோ, பொரித்த மீனோ நீர் வற்றியிருப்பதால் அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. எனவே ஒப்பந்தக்காரருக்குப் பொரியல் என்பது ஒரு பாதுகாப்பாகும்.

அத்துடன் பொரித்த மீன் துண்டை எண்ணி வைக்கலாம். குழம்பில் உடைந்துபோன துண்டுக்கு ஊழியரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விலை ஏறிய நாளில் சிறிய துண்டையும் பொரியல் பெரிதாகக் காட்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை இத்தொழிலில் இருப்போர் மறந்திருக்க மாட்டார்கள். தட்டொன்றின் விலை கேள்விப்பத்திரத்தில் நிர்ணயிக்கப்பட்டிருக்க, சந்தை விலை மாத்திரம் ஏறிக்கொண்டிருந்தால் அவர் எங்காவது ஈடுசெய்தே ஆகவேண்டும்.

இவ்விளக்கத்தை நாம் முன்வைப்பது ஒப்பந்தக்காரருக்காக வாதாடுவதற்கன்று. பொரியலை நிறுத்துமாறு கேட்கும் கடிதம், அதன் இடத்தில் மதியம் வரை கெடாத மாற்றுக் கறி எது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும் என்பதற்காகவே ஆகும். இல்லையேல் எண்ணெய் குறைந்த ஆனால் புளித்துப்போன கறியை உண்ண நேரிடும். அது முன்னையதிலும் பார்க்கப் பெரிய ஆபத்து.

அத்தகைய மாற்று எமது நாட்டுச் சமையலிலேயே உண்டு. தென்னிலங்கையில் தோன்றி இன்று நாடெங்கும் அறியப்பட்டுள்ள அம்புல்தியல் அதற்குச் சிறந்த உதாரணம். சூரை போன்ற கெட்டிச் சதை மீனை கொறுக்காய்ப்புளி, மிளகு, உப்பு என்பவற்றின் விழுதில் பிரட்டி, நீர் வற்றும் வரை மெல்லிய தீயில் வேகவைப்பதே அதன் செய்முறை. எண்ணெய் தேவையில்லை. புளிப்பும் உப்பும் நீர் வற்றிய தன்மையும் சேர்ந்து மீனைக் கெடாமற் காக்கின்றன. துண்டுகளும் உடைவதில்லையாதலால் எண்ணிப் பரிமாறலாம். பொரியலை ஒப்பந்தக்காரர் விரும்புவதற்கான காரணங்களை இது எண்ணெயின்றியே நிறைவேற்றுகின்றது. உப்பு மாத்திரம் அளவோடிருக்க வேண்டும் என்பதை இரத்த அழுத்தமுள்ளோர் கவனத்திற் கொள்ள வேண்டும்.

கடிதம்

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு, எமது உதாரண அலுவலகத்தின் நலன்புரிச் சங்கம் எழுதக்கூடிய கடிதத்தைக் கீழே தருகின்றோம். ஒப்பந்தம் செய்துகொண்ட தரப்பு நிர்வாகமேயாதலால், கடிதத்தின் பிரதி நிர்வாகப் பகுதிக்கும் செல்ல வேண்டும். நிர்வாகத்துக்குத் தெரியாமல் உணவுப் பட்டியலை மாற்றினால், ஒப்பந்த மீறல் என்ற குற்றச்சாட்டு பின்னர் ஒப்பந்தக்காரர் மீதே விழக்கூடும்.

> சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தக்காரர் அவர்கட்கு,
>
> ஐயா,
>
> மதிய உணவில் எண்ணெயைக் குறைத்தல் தொடர்பாக
>
> தங்கள் சிற்றுண்டிச்சாலையில் நாளாந்தம் மதிய உணவு உண்ணும் ஊழியர் சார்பில் இக்கடிதத்தை எழுதுகின்றோம். உணவு நேரத்துக்குக் கிடைப்பதையும், பரிமாறுவோர் எம்முடன் அன்பாக நடந்துகொள்வதையும் நன்றியுடன் குறிப்பிட விரும்புகின்றோம். எம்மில் பலர் வைத்திய ஆலோசனைப்படி எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்களாக உள்ளனர்.
>
> கடந்த வாரம் தாங்கள் தந்துதவிய கணக்கின்படி ஐந்நூறு சாப்பாட்டுக்கு 20 லீற்றர் எண்ணெய் செலவாகியுள்ளது. இதனைப் பன்னிரண்டரை லீற்றராகக் குறைப்பதற்குப் பின்வரும் மாற்றங்களை நான்கு வாரங்களுக்குப் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.
>
> முதலாவது, வாரத்தில் இரு நாட்கள் வழங்கப்படும் பொரித்த கத்தரிக்காய்க்குப் பதிலாக, ஒரு நாள் கத்தரிக்காயைப் பொரிக்காது இரண்டாம் பாலில் சமைத்தும், மறுநாள் பயிற்றங்காய், பீற்றூட் அல்லது கோவா போன்ற வேறொரு மரக்கறியும் வழங்கலாம்.
>
> இரண்டாவது, மூன்று நாட்கள் வழங்கப்படும் மீன் பொரியலை ஒரு நாளாகக் குறைத்து, ஒரு நாள் அம்புல்தியலும் மற்றைய நாள் புளிக் குழம்பும் வழங்கலாம். துண்டின் அளவு இப்போதுள்ளவாறே இருத்தல் வேண்டும்.
>
> மூன்றாவது, தாளிதத்துக்கான எண்ணெய் எல்லாக் கறிகளுக்குமாக நாளொன்றுக்கு 700 மில்லிலீற்றரை விஞ்சாதிருக்க, அதனைக் காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைத்துக்கொள்ளலாம்.
>
> நான்காவது, அப்பளத்தையும் மிளகாய்ப் பொரியலையும் தட்டில் வைக்காது தனிப் பாத்திரத்தில் வைத்தால், விரும்புவோர் எடுத்துக்கொள்வர்.
>
> ஐந்தாவது, கீரை வறை அல்லது மல்லுங் தினமும் வேண்டும். அது பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன்னராக, பதினொன்றரை மணிக்கு ஒரு தடவையும் பன்னிரண்டரை மணிக்கு மறு தடவையுமாக, இரு கூறாகச் செய்யப்படல் வேண்டும்.
>
> தட்டின் விலையைக் குறைக்குமாறு நாம் கேட்கவில்லை. எண்ணெயில் மீதமாகும் பணம் கீரைக்கும் தேங்காய்க்கும் கொறுக்காய்க்கும் செலவாகும் என்பதை அறிவோம். நான்கு வாரங்களின் பின்னரும் தங்களுக்கு மேலதிகச் செலவு ஏற்படுமாயின், சிட்டைகளுடன் தெரிவிக்கவும். விலைத் திருத்தம் குறித்து நிர்வாகத்துடன் பேசச் சங்கம் முன்வரும். பழைய முறையில் உண்ண விரும்புவோர் இருப்பின் அவர்களது எண்ணிக்கையை முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் அறியத்தருவோம்.
>
> வரும் வாரத்தில் தங்களுக்கு வசதியான ஒரு பிற்பகலில் தங்களையும் சமையற்காரரையும் சந்தித்துப் பேச விரும்புகின்றோம்.
>
> இப்படிக்கு,
> செயலாளர், நலன்புரிச் சங்கம்
>
> பிரதி: நிர்வாகப் பகுதி

இக்கடிதத்தின் கணக்கு

இதில் கேட்கப்பட்டவை தனித்தனியே சிறியவை. கத்தரிக்காய் மாற்றத்தினால் வாரத்துக்கு 3 லீற்றரும், மீன் மாற்றத்தினால் 2 லீற்றரும், தாளிதத்தில் நாளொன்றுக்கு அரை லீற்றராக இரண்டரை லீற்றரும் குறைகின்றன. மொத்தம் ஏழரை லீற்றர். எஞ்சும் பன்னிரண்டரை லீற்றரை ஐந்நூறு தட்டுகளுக்குப் பங்கிட்டால் தட்டொன்றுக்கு 25 மில்லிலீற்றர். அதாவது ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்துள்ளது. அப்பளத்தைத் தனியே வைப்பதால் குறையக்கூடியதை நாம் இதில் சேர்க்கவில்லை. எத்தனை பேர் எடுப்பர் என்பது முன்கூட்டியே தெரியாத விடயமாகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலைச் சேர்த்தால் அதுவும் கொழுப்புத்தானே என்பர். நியாயமான கேள்வியே. கெட்டியான முதற்பாலைத் தாராளமாக ஊற்றினால், ஒரு வாசலால் வெளியேற்றிய கொழுப்பை மறு வாசலால் அழைத்துவந்ததாகவே முடியும். ஆயினும் அளவைக் கவனித்தால் வேறுபாடு புலப்படும். நூறு பேருக்கான ஒரு பால்கறிக்கு ஆறு தேங்காய்கள் எடுத்தால், அவற்றின் கொழுப்பு முழுவதும் பாலில் இறங்கினாற்கூடத் தட்டொன்றுக்கு வருவது அண்ணளவாக 7 கிராமளவே. பொரித்த கத்தரிக்காயில் இருந்தது 14 கிராமுக்குக் கிட்டிய எண்ணெய். கடிதத்தில் 'இரண்டாம் பாலில்' என்று குறிப்பிடப்பட்டிருப்பது இதனாலேயாகும். தேங்காய் விலை ஏறும் காலங்களில் ஒப்பந்தக்காரரும் இச்சொல்லை வரவேற்பார்.

செலவைப் பொறுத்தவரை, அன்றைய சந்தை விலையில் இரு பக்கங்களையும் எழுதிப் பார்ப்பதே முறையாகும். ஒரு பக்கத்தில் மீதமாகும் ஏழரை லீற்றர் எண்ணெயின் விலை. மறு பக்கத்தில் தேங்காய், ஐந்து நாளைக்கான கீரைக் கட்டுகள், கொறுக்காய், கீரை அரிவதற்கான கூலி. கீரை துப்புரவு செய்வதும் அரிவதும் ஒரு பணியாளின் முழுக் காலைப்பொழுதையும் எடுத்துக்கொள்ளும் வேலையாகும். நூறு பேருக்கான பொன்னாங்காணியையோ கங்குனையோ கழுவி அரிய வேண்டியவர் அதே சமையலறையிலுள்ள குறைந்த சம்பளக்காரரே என்பதைக் கடிதம் எழுதுவோர் மறந்துவிடலாகாது. இக்கூலிக்கு இடமளிக்காத கோரிக்கை, மணல் கடிபடும் கீரையாகவே தட்டுக்கு வரும்.

எங்கே பிசகும்?

முதலாவது பிசகு, மீன் துண்டு சிறுத்துப்போவது. எண்ணெயில் குறைத்ததற்குச் செலவு ஈடாகாதபோது ஒப்பந்தக்காரர் கைவைக்கும் முதலிடம் அதுவேயாகும். கடிதத்தில் துண்டின் அளவு குறிப்பிடப்பட்டிருப்பது அதற்காகத்தான். ஆனால் அளவு குறைந்துள்ளதாகக் கண்டால், உடனே குற்றஞ்சாட்டாது சிட்டைகளைக் கேட்பதே உசிதமானது. கணக்கில் உண்மையாகவே இழப்பு இருந்தால் அது பேசித் தீர்க்கப்பட வேண்டியதாகும்.

இரண்டாவது பிசகு, பொரிக்கும் எண்ணெயின் அளவைக் குறைப்பதற்காகப் பழைய எண்ணெயையே திரும்பத் திரும்பப் பாவிப்பது. கணக்குப் புத்தகத்தில் எண்ணெய் குறைந்திருக்கும். தட்டில் தரம் கெட்டிருக்கும். இதனை அடையாளம் காண ஆய்வுகூடம் தேவையில்லை. நிறம் கறுத்துத் தடித்திருத்தல், பொரிக்கும்போது நுரை அடங்காது பொங்குதல், வழமையிலும் குறைந்த சூட்டிலேயே புகை எழுதல், ஆறிய பின்னரும் காறல் மணம் வீசுதல் என்பன அதன் அறிகுறிகள். பழைய எண்ணெயோடு புதிய எண்ணெயைச் சேர்ப்பதால் பழையது புதிதாகிவிடுவதில்லை. அவ்வாறான எண்ணெய் வேகமாகப் பொரியலுக்குள் உறிஞ்சப்படுவதால் பண்டம் பிசுபிசுப்பாகவும் இருக்கும். ஒவ்வொரு நாளும் பொரித்து முடிந்ததும் வடிகட்டி மூடி வைப்பதும், மேற்கூறிய அறிகுறிகளில் ஒன்றைக் கண்டதும் அகற்றிவிடுவதும் சமையலறையின் வழக்கமாக வேண்டும்.

மூன்றாவது பிசகு, கீரையின் நேரம். சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சாதாரண வெப்பநிலையில் வைத்திருக்கலாகாது எனவும், சூடாக வைப்பதாயின் 60 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டும் எனவும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. காலை ஒன்பது மணிக்குச் செய்த மல்லுங்கை ஒரு மணிக்கு உண்பது எண்ணெய்க் கத்தரிக்காயை உண்பதிலும் நன்று எனக் கூறமுடியாது. இரண்டு தடவை சமைக்க ஆள் பலம் இல்லை என ஒப்பந்தக்காரர் கூறுவாராயின், அந்நாளில் கீரையை விடுத்து வெள்ளரிக்காயும் தக்காளியும் அரிந்து தருமாறு கேட்பது மேலானது.

நான்காவது பிசகு ஊழியர் பக்கத்திலிருந்து வருவது. எண்ணெய் கூடிவிட்டது என்று கடிதத்தில் கையொப்பமிட்டவரே, பால்கறி வந்த நாளில் 'இன்று கறி சரியில்லை' என்று வெளிக்கடையில் கொத்துரொட்டி வாங்குவதுண்டு. அன்று மிஞ்சும் இருபது சாப்பாட்டின் இழப்பு ஒப்பந்தக்காரரின் தலையிலேயே விழுகின்றது. இதைக் கண்ட ஒப்பந்தக்காரர் மறுவாரம் பொரியலுக்குத் திரும்பினால் அவரைக் குறைகூற இயலாது. முதல் நாள் பிற்பகலிலேயே எண்ணிக்கையைத் தருவது, நான்கு வாரம் முழுவதும் அதனைக் கைவிடாது தொடர்வது ஆகிய இரண்டும் கடிதம் எழுதுவோரின் பொறுப்பாகும். நாக்கு புதிய ருசிக்குப் பழக ஓரிரு வாரம் எடுக்கும். தாளிதம் குறைந்த இடத்தை மிளகு, தேசிக்காய்ப்புளி, கறிவேப்பிலை என்பவற்றால் சமையற்காரர் நிரப்பக் கற்கவும் அவ்வளவு காலம் வேண்டும்.

கோரிக்கையும் முறைப்பாடும்

இறுதியாக ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். எண்ணெயைக் குறைக்குமாறு கேட்பது ஒரு கோரிக்கை. உணவில் புழு காணப்பட்டது, பழுதடைந்த மீன் சமைக்கப்பட்டது, சமையலறையில் எலி நடமாடுகின்றது என்பன முறைப்பாடுகள். பின்னையவை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருவன; பகுதிக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவிக்கப்பட வேண்டியவை. தட்டில் ஒரு கரண்டி எண்ணெய் கூடிவிட்டது என்பதற்காக அவர் வந்து நடவடிக்கை எடுக்க முடியாது. இவ்விரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், ஒப்பந்தக்காரர் முழுக் கடிதத்தையும் மிரட்டலாகவே கொள்வார். கோரிக்கைக்குரிய இணக்கமும் கிடைக்காது, முறைப்பாட்டுக்குரிய விசாரணையும் நடைபெறாது.

நான்கு வாரங்களின் முடிவில் வெற்றியை எவ்வாறு அறிவது? மீண்டும் அதே கணக்கையே பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் செலவான எண்ணெயை அவ்வாரத்தில் விற்ற சாப்பாட்டின் எண்ணிக்கையால் வகுத்தால், தட்டொன்றுக்கு 25 மில்லிலீற்றரை அணுகியிருக்கின்றதா என்பது தெரிந்துவிடும். 30 இல் நின்றிருந்தால் அதுவும் முன்னேற்றமே. எந்தக் கறியில் தடைப்பட்டது என்று பார்த்து அடுத்த மாதம் அதைக் கவனிக்கலாம். அத்துடன் மிஞ்சிய சாப்பாட்டின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்து மிச்சம் கூடியிருந்தால், ஊழியர்கள் அவ்வுணவை ஏற்கவில்லை என்பதே அதன் பொருள். பட்டியலை மாற்ற வேண்டும்.

அடுத்த தடவை கேள்விப்பத்திரம் கோரப்படும்போது, இந்த நான்கு வார அனுபவத்தில் கண்ட அளவுகளை நிர்வாகம் நிபந்தனைகளாகச் சேர்த்துக்கொள்ளுமாயின், இதே கடிதத்தை மீண்டும் எழுத வேண்டிய தேவை எழாது. விலை கோரும் ஒவ்வொருவரும் அம்புல்தியலுக்கும் கீரைக்கும் உரிய செலவைத் தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்த்து விலை குறிப்பிடுவர். அதுவரை, சமையற்காரரோடு அமர்ந்து ஒரு வாரத்து எண்ணெயை அளந்து பார்ப்பதிலிருந்து நலன்புரிச் சங்கங்கள் இப்பணியை ஆரம்பிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.